பேட்ச் டெஸ்ட் படிவம்: ஒரு கையெழுத்து போதாது

கேள்வி: ஹேர் டை போடும் முன் வாடிக்கையாளரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோம். 'அலர்ஜி வந்தால் சலூன் பொறுப்பல்ல' என்று அதில் இருக்கிறது. டையைத் தோலில் கொஞ்சம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டையும் அதிலேயே எழுதி வைத்தால் போதுமா?

பதில்: முதலில் அந்த 'பொறுப்பல்ல' வரியை எடுத்துவிடுங்கள். கவனக்குறைவால் உடம்புக்குக் கேடு வந்தால், இப்படி ஒரு வரியைக் காட்டித் தப்பிப்பதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. என்ன கேட்டீர்கள், என்ன சொன்னீர்கள், எதை எப்போது தடவினீர்கள், பிறகு என்ன பார்த்தீர்கள் என்று தேதி, நேரத்தோடு இருக்கும் பதிவுதான் உங்களுக்கும் காவல், அவருக்கும் காவல்.

படிவத்தை இரண்டு பாகமாகப் பிரியுங்கள். நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருளுக்கு வரும் ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் தலைகாட்டும். தடவி அரை மணி நேரத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதற்கு அர்த்தமே கிடையாது. தயாரிப்பாளர்கள் பலர் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். ஆக, தடவிய நாளுக்கு ஒரு பாகம், பார்த்த நாளுக்கு இன்னொரு பாகம். இரண்டிலும் நேரமும் இருவர் கையெழுத்தும் தனித்தனியாக வேண்டும். இரண்டாம் பாகம் காலியாக இருந்தால் டை கிண்ணத்தையே எடுக்கக் கூடாது.

முதல் பாகத்தில் 'அலர்ஜி உண்டா?' என்று கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் வரும். முன்பு டை போட்ட பிறகு தலை அரித்ததா, கண் இமை வீங்கியதா, காதோரம் நீர் கசிந்ததா என்று கேளுங்கள். கறுப்பு மருதாணி டாட்டூ எப்போதாவது போட்டதுண்டா என்ற கேள்வி கட்டாயம் வேண்டும். அந்தக் கறுப்பு நிறத்துக்காகப் பல நேரம் பி.பி.டி.யைத்தான் கலக்கிறார்கள். ஒவ்வாமை அங்கேயே தொடங்கியிருக்கலாம். இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் சலூனில் டெஸ்ட் வேண்டாம், தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு துளியும் தொல்லைதான்.

அடுத்து டையின் பெயர், ஷேட் எண், லாட் எண், தடவிய இடம், தடவியவர் பெயர். டெவலப்பர் கலந்தா, கலக்காமலா என்பதையும் எழுதுங்கள். பெட்டியிலுள்ள தாள் எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்ய வேண்டும். (பெட்டியில் இருக்கும் 'பேட்ச்' எண்ணும் பேட்ச் டெஸ்ட்டும் தமிழில் எழுதினால் ஒரே சொல்லாகிவிடும். அந்தக் கட்டத்தில் டெஸ்ட் எண் என்று 1, 2, 3 போட்டு வைத்த பணியாளரைப் பார்த்திருக்கிறேன். 'லாட் எண்' என்றே அச்சடியுங்கள்.)

இரண்டாம் பாகத்துக்கு ஒரு உதாரணம். செவ்வாய் காலை 10.30க்கு ஒருவருக்குக் காதின் பின்புறம் தடவுகிறீர்கள். வியாழன் 11 மணிக்கு வருகிறார். 'ரியாக்‌ஷன் உண்டா, இல்லையா' என்று மட்டும் கட்டம் இருந்தால், இப்போது எதுவும் தெரியாததால் 'இல்லை'யில் டிக் விழுந்துவிடும். அதற்குப் பதிலாக, 'தடவியதிலிருந்து இதுவரை அரிப்பு, எரிச்சல், சிவப்பு, வீக்கம், கொப்புளம் ஏதாவது வந்து, போயிருந்தாலும் சொல்லுங்கள்' என்று இருந்தால் பதில் மாறும்: 'புதன் ராத்திரி கொஞ்சம் அரித்தது, கொசு என்று நினைத்தேன்.' அவ்வளவுதான், டை கிடையாது. அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே 'சாயம் போடவில்லை, தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னோம்' என்று முடிவையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

'பரவாயில்லை, என் பொறுப்பில் போடுங்கள், கையெழுத்து தருகிறேன்' என்பார் சிலர். மறுத்துவிடுங்கள். வரப்போவது தெரிந்தே போட்டீர்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சியாகிவிடும். போனில் 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதையும் முடிவாக எடுக்காதீர்கள், இடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

முடிவு சுத்தமாக இருந்தாலும் அது அந்த டைக்கு மட்டும்தான். பிராண்டு மாறினால் புது டெஸ்ட். பல வருடம் ஒத்துக்கொண்ட டையே ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதால், ஒவ்வொரு முறையும் டெஸ்ட் செய்யச் சொல்லும் தாள்களும் உண்டு. அதைத் தட்டாதீர்கள். 'டெஸ்ட்டில் ஒன்றும் வராவிட்டாலும் பிறகு வர வாய்ப்புண்டு' என்பதை ஒப்புதல் பகுதியில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க அனுமதி கேட்பதானால் அதற்குத் தனிக் கையெழுத்து. உடல்நல விவரம் இருக்கும் தாள் ரிசப்ஷன் மேஜையில் கிடக்கக் கூடாது. எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை உங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு நகலை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அதன் அடியில், அரித்தால் உடனே கழுவிவிட்டு எந்த எண்ணுக்கு அழைப்பது, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேராக மருத்துவமனைக்குப் போவது என்ற இரண்டு வரி இருக்கட்டும்.