மீடியம் பாப்கார்ன் யாருக்காக?

கேள்வி: குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனோம். பாப்கார்ன் ஸ்மால் 150, மீடியம் 270, லார்ஜ் 290 ரூபாய். ஸ்மால் போதும் என்று நினைத்துத்தான் வரிசையில் நின்றேன். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் 20 ரூபாய்தானே வித்தியாசம் என்று லார்ஜ் வாங்கினேன். பாதி மிஞ்சிவிட்டது. நான் லாபம் என்கிறேன், கணவர் நஷ்டம் என்கிறார். யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஸ்மால் வாங்க வந்தவர் நீங்கள். அப்படியானால் கூடுதலாகப் போனது 140 ரூபாய். அது எப்படி 20 ஆகத் தெரிந்தது என்பதை ஒரு கற்பனைக் கதையாகச் சொல்கிறேன்.

ஒரு தியேட்டர் கேன்டீனில் முதலில் ஸ்மாலும் லார்ஜும் மட்டுமே இருந்தன. வருகிற நூறு பேரில் எழுபது பேர் ஸ்மால் வாங்கினார்கள், முப்பது பேர் லார்ஜ். வசூல் 19,200 ரூபாய். மேலாளர் எந்த விலையையும் தொடவில்லை; நடுவில் 270 ரூபாய்க்கு ஒரு மீடியத்தை வைத்தார். “இதை யார் சார் வாங்குவார்கள்?” என்று கல்லாவில் இருந்த பையன் கேட்டான். “யாரும் வாங்க வேண்டாம், பலகையில் இருந்தால் போதும்” என்றார் அவர். அடுத்த வாரம் நூறு பேரில் அறுபது பேர் லார்ஜ் வாங்கினார்கள், 38 பேர் ஸ்மால், இரண்டு பேர் மட்டும் மீடியம். வசூல் 23,640.

இதை டிகாய் விளைவு என்பார்கள். ஹூபர், பெய்ன், புட்டோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 1982இல் இதை எழுதினார்கள். சூட்சுமம் மீடியத்தின் விலையில் இருக்கிறது. ஸ்மாலோடு ஒப்பிட்டால் அது அளவில் பெரியது, விலையில் அதிகம். எது மேல் என்று சட்டென்று சொல்ல முடியாது. லார்ஜோடு ஒப்பிட்டாலோ அது தெளிவாகத் தோற்கிறது. மனம் கடினமான ஒப்பீட்டை விட்டு எளிதானதைப் பிடித்துக்கொள்கிறது. மீடியத்தை 210 ரூபாய்க்கு வைத்திருந்தால் பலர் அதையே வாங்கியிருப்பார்கள்.

இதில் ஏமாற்று வேலை இல்லை, எல்லா விலையும் பலகையில்தான் இருக்கிறது. எல்லோரிடமும் இது பலிப்பதும் இல்லை. என்ன வேண்டும் என்று முடிவோடு வருபவரை மீடியம் அசைப்பது கடினம். எண்களாகப் பார்க்கும்போது வலுவாக இருக்கும் இந்த விளைவு, பொருளைப் படமாகவோ நேரிலோ பார்த்தால் பெரும்பாலும் மங்கிவிடுகிறது என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் காலி டப்பாக்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

லார்ஜில் 130 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுவதும் தின்றால் கிராம் 2 ரூபாய் 23 காசு. பாதியை விட்டுவிட்டு வந்தால் தின்ற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய நாலரை ரூபாய். நால்வர் பகிர்ந்து காலி செய்வதானால் லார்ஜ் நல்ல பேரம்தான். அடுத்த முறை மீடியம் வரியைக் கையால் மறைத்துவிட்டு 150ஐயும் 290ஐயும் மட்டும் பாருங்கள். அப்போதும் லார்ஜ்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.