பூச்சிப் பெட்டிக்கு அந்துருண்டை மட்டும் போதுமா?

கேள்வி: வேளாண்மைப் படிப்பில் பூச்சித் தொகுப்புப் பெட்டி கேட்கிறார்கள். கொல்லும் புட்டி, ஊசி, லேபிள் எல்லாம் எப்படிச் செய்வது? பெட்டிக்குள் அந்துருண்டை போட்டால் போதுமா?

போதாது. அந்துருண்டையின் நெடி வெளியிலிருந்து வரும் பூச்சியைச் சற்றுத் தயங்க வைக்குமே தவிர, வண்டின் வயிற்றுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை நம்பகமாகக் கொல்லாது.

பருவ முடிவில் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய மாணவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் தென்னந்தோப்புகளில் மாட்டும் காண்டாமிருக வண்டை வைத்தே சொல்கிறேன். உயிரைக் கொல்லலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தோப்புக்காரர் குருத்துக்குள் கம்பியை விட்டுக் குத்தி எடுத்து எறியும் அதே வண்டுதான் இது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்கச் சொல்லவில்லை.

புட்டி அகன்ற வாயுள்ள கண்ணாடியாக இருக்க வேண்டும். பூச்சியைக் கொல்ல அதில் விடும் எத்தில் அசிட்டேட் என்னும் திரவம் சில பிளாஸ்டிக்குகளையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி, சில நாட்கள் நன்றாகக் காயவிட்டு, அது உறிஞ்சும் அளவுக்கு எத்தில் அசிட்டேட் விட்டு, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். வெளியே "விஷம்" என்று எழுதி ஒட்டுங்கள். சிறு ஈ சில நிமிடங்களில் அடங்கும். காண்டாமிருக வண்டோ செத்தது போல் கிடந்து, ஊசி குத்திய பிறகு கால்களை அசைக்கும். ஆகவே இரவு முழுவதும் புட்டியிலேயே இருக்கட்டும். வண்ணத்துப்பூச்சியை இதனோடு சேர்த்துப் போட்டால் செதில் உதிர்ந்து இரண்டுமே கெடும்.

தையற்கடைக் குண்டூசி துருப்பிடிக்கும். பூச்சிகளுக்கென்றே விற்கும் துருவேறா எஃகு ஊசியில் மூன்றாம் எண் வாங்குங்கள். வண்டுக்கு வலது முன்சிறகின் முன்பகுதியில் குத்தி, நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஊசி வெளிவரும்படி செய்ய வேண்டும். இடப்பக்கம் முழுதாக இருந்தால் இனம் காண்பவருக்கு அது போதும். இவ்வளவு தடித்த உடல் உள்ளே காய இரண்டு வாரமாவது ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கும் மேலாகும். அதற்குமுன் பெட்டியில் மூடினால் பூஞ்சை பூத்துவிடும். காயவைக்கும் பலகையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். இல்லையேல் எறும்பு ஒரே இரவில் தூக்கிப் போய்விடும்.

லேபிள் இல்லாத பூச்சியால் ஆய்வுக்குப் பயனில்லை. ஊசியில் வண்டுக்குக் கீழே முதல் லேபிளில், நீரில் கரையாத மையால், "திருநெல்வேலி மாவட்டம், அம்பாசமுத்திரம், தென்னந்தோப்பு, விளக்கொளியில், 3 நவம்பர் 2019" என்று எழுதிப் பிடித்தவர் பெயரும் சேருங்கள். மாதத்தை எண்ணால் எழுதினால் 3-11 என்பதைப் பின்னால் ஒருவர் மார்ச் 11 என்று படிப்பார். பூச்சியின் பெயருக்குத் தனி லேபிள். அது பிற்பாடு மாறக்கூடும்.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன். நான் படித்த கல்லூரியில் மதிப்பெண் போட்டதும் எல்லோருடைய பெட்டிகளையும் பழைய பெட்டிகளோடு ஒரே அலமாரியில் அடுக்கினார்கள். என் பெட்டி திரும்பி வந்தபோது வண்டு மேலிருந்து பார்க்க அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் அடியில் காபிப்பொடி நிறத்தில் ஒரு சிறு குவியல். ஊசியை மெல்லத் தட்டியதும் தலை கழன்று விழுந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. பழுப்பு மயிர் அடர்ந்த, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளப் புழுவும் அது உரித்த சட்டைகளும் மட்டும் கிடந்தன. ஆந்த்ரீனஸ் என்னும் அருங்காட்சியக வண்டின் புழு அது. தாய் வண்டு பூக்களில் மகரந்தம் தின்று திரியும். முட்டையிட மட்டும் உலர்ந்த பூச்சியைத் தேடி வரும். பெட்டி மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் குஞ்சுப்புழு நுழைந்துவிடும்.

பொடியைக் கண்டால் அதைத் துடைத்தெடுத்து, அடியில் வெள்ளைத்தாள் வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மீண்டும் பொடி விழுந்திருந்தால் உள்ளே உயிரோடு ஏதோ இருக்கிறது. அப்போது பெட்டியை இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எங்கள் ஊரைப் போல மின்வெட்டு உண்டென்றால் மூன்று வாரமாக்குங்கள். எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த வண்டின் மேல் நீர் கோத்து, பூஞ்சைக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும். ஓர் இரவு வெளியே இருந்து பெட்டி அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

அந்துருண்டையே போதும், எங்கள் வீட்டில் இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று பதில் எழுதப் போகிறவர்கள், அந்தப் பெட்டியின் மூடி எவ்வளவு இறுக்கமானது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. உருண்டை போட்டே ஆகவேண்டுமென்றால், ஊசிகள் குத்தி நிற்கும் பெட்டித் தளத்துத் தெர்மாகோலில் படாமல் ஊசியில் கோத்து மூலையில் குத்துங்கள். பட்ட இடத்தில் தெர்மாகோல் இளகி ஊசிகள் ஆடத் தொடங்கும். கல்லூரியிலிருந்து பெட்டி திரும்பி வந்தால், வீட்டிலுள்ள மற்றப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு முன் நேராக ஃப்ரீசருக்குக் கொண்டு போங்கள்.