27 நட்சத்திரம், 4 நெடுவரிசை: மார்க்டவுன் அட்டவணை கேள்வி பதில்

கேள்வி: 27 நட்சத்திரங்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரே நீளமாகத் தொங்குகிறது. நாலு நெடுவரிசை உள்ள அட்டவணையாக்க வேண்டும். கையால் மடிக்காமல் வழி உண்டா?

பதில்: லினக்ஸ், மேக் என்றால் `paste` என்ற கட்டளை ஏற்கெனவே கணினியில் இருக்கும். ஒவ்வொரு `-` குறியும் "அடுத்த வரியை எடு" என்று சொல்கிறது. நாலு போட்டால் நாலு நாலு வரியாகக் கோத்துத் தரும். பட்டியலை `list.txt` என்று சேமித்துவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
tr -d '\r' < list.txt | grep -v '^$' |
sed 's/|/\\|/g' | paste -d '|' - - - - |
sed 's/^/| /; s/$/ |/'
```

வந்ததன் தலையில் இந்த இரண்டு வரிகளையும் ஒட்டி விடுங்கள்:

```
| | | | |
|---|---|---|---|
```

27ஐ நாலால் வகுத்தால் 6 முழு வரிசை, மிச்சம் 3. எனவே ஏழாவது வரிசையில் பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி மூன்றும் வந்து நாலாவது கட்டம் காலியாக நிற்கும். அந்தக் காலிக் கட்டத்துக்கான பைப்பையும் `paste` தானே போட்டு விடும்.

நடுவில் இருக்கும் `tr`, `grep`, `sed` எல்லாம் அலங்காரம் இல்லை. ஒவ்வொன்றும் ஏன் என்பது கீழே வரும் கேள்விகளில் தெரியும்.

கேள்வி: அதே பட்டியல்தான் என்னிடமும். நான் `paste` மட்டும் போட்டேன். கிட்ஹப்பில் அட்டவணை அழகாக வந்தது, ஆனால் பூசத்தைக் காணோம்! மூலக்கோப்பில் இருக்கிறது.

பதில்: உங்கள் பட்டியலில் ஆறாவது வரியைப் பாருங்கள். "திருவாதிரை | ஆதிரை" என்று மாற்றுப் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள். அந்த நடுக்கோடு கட்டம் பிரிக்கும் கோடாகி விட்டது. இரண்டாவது வரிசை இப்படி ஆகிறது:

```
| மிருகசீரிடம் | திருவாதிரை | ஆதிரை | புனர்பூசம் | பூசம் |
```

தலைப்பில் நாலு கட்டம், இங்கே ஐந்து. கிட்ஹப் பின்பற்றும் விதிப்படி, கூடுதலாக வந்த கட்டம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தூக்கி எறியப்படும். குறைந்தால் காலியாக நிரப்பப்படும். ஆகவே பிழை எதுவும் காட்டாது, ஒரு பெயர் மட்டும் மாயமாகிவிடும். மேலே `sed 's/|/\\|/g'` இருப்பது இதற்குத்தான்: பைப்பை `\|` ஆக்கினால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். குறியீட்டுத் துண்டுக்குள், அதாவது பின்சாய்ந்த மேற்கோளுக்குள், பைப் இருந்தாலும் தப்பாது. அங்கேயும் `\|` வேண்டும்.

அட்டவணையை வெளியிடும் முன் கண்ணுக்குத் தெரியும் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூலக்கோப்பை எண்ணிப் பயனில்லை.

கேள்வி: எனக்கு அட்டவணையே வரவில்லை. எல்லாம் ஒரு பத்தியாகக் கலந்து வருகிறது. தலைப்பு வரிசையில் மூன்று பெயர், கீழே கோடு நாலு போட்டேன். கோடுகளின் நீளமும் பெயரின் நீளமும் பொருந்தாததால்தானே?

பதில்: பாதி சரி. பொருந்தாததுதான் காரணம், ஆனால் நீளம் இல்லை, எண்ணிக்கை. தலைப்பில் எத்தனை கட்டமோ, அதற்குக் கீழுள்ள கோட்டு வரியிலும் அத்தனை கட்டம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கிட்ஹப் அதை அட்டவணையாகவே எண்ணாது. நீளம் எதுவானாலும் சரி, ஒரே ஒரு `-` கூடப் போதும். சில பிற செயலிகள் மூன்று கேட்கும் என்பதால் நான் எப்போதும் மூன்று போடுவேன்.

இதையும் சொல்லி விடுகிறேன். மூலக்கோப்பில் பைப்புகளை நேர்க்கோட்டில் நிறுத்த இடைவெளி தட்டித் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். தமிழில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். ஆங்கிலம் போலச் சீராக நிற்காது, நிற்கவும் வேண்டாம்.

கேள்வி: விண்டோஸில் சேமித்த பட்டியல். நீங்கள் சொன்னதில் `tr` பகுதியை விட்டுவிட்டு ஓட்டினேன். டெர்மினலில் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டது போல் தெரிகிறது, அட்டவணையும் சிதறுகிறது.

பதில்: விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் `\r` என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கும். `paste` அதை அப்படியே கட்டத்துக்குள் விட்டுவிடும். டெர்மினல் அதைக் கண்டதும் வரியின் தொடக்கத்துக்கே திரும்பி மேலெழுதும். மார்க்டவுனோ அதை ஒரு வரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் ஒரு வரிசை பல துண்டாகிறது. `tr -d '\r'` அதைக் கழித்து விடும்.

இணையத்திலிருந்து எடுத்த பட்டியலென்றால் நடுவில் வெற்று வரிகளும் இருக்கும். `grep -v '^$'` அதற்காக. வெற்று வரி ஒன்று நுழைந்தால் நட்சத்திரம் ஒன்று தள்ளிப்போகும், அதன் பின்னால் எல்லாம் தள்ளிப்போகும்.

கேள்வி: என் பட்டியலில் "1. அசுவினி", "2. பரணி" என்று எண்களுடன் இருக்கிறது. தொடக்கத்துப் பைப் தேவையில்லை என்று படித்ததால் அதை விட்டேன். அட்டவணை முதல் வரிசையிலேயே அறுந்துவிட்டது.

பதில்: தேவையில்லை என்பது உண்மைதான், வரிசை சாதாரண எழுத்தில் தொடங்கினால். "1." என்றோ "- " என்றோ தொடங்கினால் புதிய பட்டியல் ஆரம்பிக்கிறது என்று எடுத்துக்கொண்டு அட்டவணையை அங்கேயே முடித்துவிடும். முன்னால் ஒரு பைப் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கடைசி `sed` அதைத்தான் செய்கிறது.

கேள்வி: எனக்கு டெர்மினல் தெரியாது. எக்செல்லில் WRAPCOLS போட்டேன், 4 என்று கொடுத்தேன். நாலு நெடுவரிசைக்குப் பதில் ஏழு வந்தது.

பதில்: அதில் கொடுக்கும் எண் ஒரு நெடுவரிசையில் எத்தனை பெயர் என்பது. நெடுவரிசைகளின் எண்ணிக்கை இல்லை. நாலு வேண்டுமானால் 7 கொடுங்கள்:

```
=WRAPCOLS(A1:A27,7,"")
```

இடமிருந்து வலமாக ஓட வேண்டுமென்றால் `=WRAPROWS(A1:A27,4,"")`. கடைசி `""` இல்லாவிட்டால் காலிக் கட்டத்தில் `#N/A` என்று நிற்கும். முடிவை நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால் இடையில் டேப் இருக்கும். அதை ` | ` ஆக மாற்றி, முதல் பதிலில் சொன்ன இரண்டு வரிகளையும் தலையில் ஒட்டினால் சரி.

கேள்வி: மேலிருந்து கீழாக ஓடுவதா, இடமிருந்து வலமா? எது நல்லது?

பதில்: அகர வரிசையில் தேடுவதற்கு மேலிருந்து கீழ்தான் கண்ணுக்கு இதம். ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. 27 பெயரை எட்டு நெடுவரிசையில் மேலிருந்து கீழாகப் போட்டால், ஒன்றுக்கு நாலு. ஆறு நெடுவரிசையில் 24 முடிந்து, ஏழாவதில் மூன்று, எட்டாவது முழுக்கக் காலி. இடமிருந்து வலமாகப் போட்டால் காலி எல்லாம் கடைசி வரிசையில் மட்டும்தான் வரும்.

கேள்வி: நான் ஜோதிடம் பார்ப்பவன். எனக்கு ஒன்பது நெடுவரிசை வேண்டும். தசாநாதர்களைத் தலைப்பாக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஒன்பது `-` போட்டு இடமிருந்து வலமாக ஓட விடுங்கள். கேதுவின் கீழ் அசுவினி, மகம், மூலம், சுக்கிரனின் கீழ் பரணி, பூரம், பூராடம் என்று விம்சோத்தரி முறைப்படி தானாகவே விழும். மேலிருந்து கீழாகப் போட்டால் அசுவினி, பரணி, கார்த்திகை மூன்றும் கேதுவுக்குப் போய்விடும், ஜாக்கிரதை. இந்த அமைப்பில் தலைப்பு வரிசை காலியாக இல்லாமல் அர்த்தத்தோடு நிற்கும்.

கேள்வி: எல்லா நெடுவரிசையும் ஒரே அகலமாக வர என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேட்பது வேறு விஷயம். கிட்ஹப் பாணி மார்க்டவுனில் அகலம் சொல்ல வழியே கிடையாது, `:---`, `:---:`, `---:` போட்டு இடம், நடு, வலம் என்று நிறுத்த மட்டும் முடியும். அகலம் முக்கியமென்றால் எச்டிஎம்எல் அட்டவணைதான்.

கேள்வி: காலித் தலைப்பு, திரையை வாசிக்கும் மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்குத் தொல்லை இல்லையா? ஒன்பது நெடுவரிசை போனில் எப்படித் தெரியும்?

பதில்: போனில் பக்கவாட்டில் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். காலித் தலைப்பைப் பற்றி எனக்கே இரண்டு மனம். "1–4" போல ஏதாவது போடலாமென்றால், வலமாக ஓடும் அட்டவணையில் அது பொய்யாகிறது. மேலிருந்து கீழாக ஓடினால் "1–7", "8–14", "15–21", "22–27" என்று போட்டால் பொருந்தும். வலமாக ஓடுவதற்கு நல்ல தலைப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.