ஒரு நிமிடத்தில் நான்கு விஷயம்: ஒரு கம்ப்ரசர் தொழில்முனைவோருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஸ்பின்னிங் மில்களுக்கு கம்ப்ரசர் காற்று லீக்கைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் ஒரு தொழில்முனைவோர் சந்திப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் தருகிறார்கள். 40 பேர் வருவார்கள், மில்காரர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். இப்போது நான் பேசுவது இதுதான்: “எங்கள் நிறுவனம் 2016 முதல் இயங்கி வருகிறது. ஏர் ஆடிட், எனர்ஜி ஆடிட், கம்ப்ரசர் சர்வீஸ், உதிரிபாகங்கள் என அனைத்து சேவைகளையும் தரமாகச் செய்து தருகிறோம். யாருக்காவது தேவைப்பட்டால் தொடர்பு கொள்ளுங்கள்.” கை தட்டுகிறார்கள், கார்டு வாங்கிக்கொள்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை. கடைசியாக ஒரு மில்லில் அளந்தபோது, மெஷின் எல்லாம் நின்றிருக்க, கம்ப்ரசர் ஒன்றரை நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்தித் தந்துகொண்டும், நாலரை நிமிடம் அன்லோடில், அதாவது காற்று தராமல் சும்மாவும் மாறி மாறி ஓடியது. லோடில் மணிக்கு 50 யூனிட், அன்லோடில் 15 யூனிட். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வாக்கியங்களில் இருக்கும் சரக்கு, நீங்கள் மேடையில் பேசும் பேச்சில் ஒரு துளிகூட இல்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்த அறையில் இருக்கும் 40 பேரில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் எதையும் வாங்கப் போவதில்லை. அச்சகம் வைத்திருப்பவர், ஆடிட்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், கேட்டரிங் நடத்துபவர் இப்படித்தான் இருப்பார்கள். ஆனால் அந்த ஆடிட்டர் இரண்டு மில்களுக்குக் கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம். கேட்டரிங்காரர் ஒரு மில் கேன்டீனை எடுத்து நடத்தலாம். உங்கள் பேச்சு அவர்கள் வழியாகத்தான் மில்லுக்குள் போக வேண்டும். ஆகவே வாங்குபவரைக் கவர்வதைவிட, கேட்டவர் நாளைக்கு இன்னொருவரிடம் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லும்படி பேசுவதுதான் உங்கள் வேலை. வாடிக்கையாளர், பிரச்சினை, நீங்கள் தருவது, நீங்கள் கேட்பது என்ற நான்கையும் இந்த அளவுகோலில்தான் எழுத வேண்டும்.

எழுதும்போது கடைசியிலிருந்து எழுதுங்கள். “தேவைப்பட்டால் தொடர்பு கொள்ளுங்கள்” என்றால் கேட்பவருக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. யாருக்குத் தேவை என்று யோசிக்கிற பாரத்தை அவர் தலையில் வைத்துவிடுகிறீர்கள், அவரும் யோசிக்க மாட்டார். கேட்பது ஒரே ஒரு ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆளின் பதவியும் ஊரும் தெரிய வேண்டும். “பல்லடம், உடுமலை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் மெயின்டனன்ஸ் மேனேஜர்” என்றால் கேட்பவரின் மனம் தன் போனில் இருக்கும் பெயர்களைப் புரட்டத் தொடங்கும். மில் முதலாளியைக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. அவரை அறிமுகப்படுத்த எல்லாரும் தயங்குவார்கள். அவரே அறிமுகமானாலும், “நம்ம மேனேஜர்கிட்ட பேசுங்க” என்று அனுப்பிவிடுவார். மேலிருந்து வந்த ஆள் என்று மேனேஜர் உங்களை முதல் நாளே சந்தேகத்தோடு பார்ப்பார்.

வாடிக்கையாளர் பகுதியில் உங்கள் இப்போதைய பேச்சு “அனைத்து சேவைகளையும்” என்று விரிகிறது. சர்வீஸும் உதிரிபாகமும் அதில் இருக்கும்வரை உங்களைக் கம்ப்ரசர் மெக்கானிக் என்றுதான் நினைவில் வைப்பார்கள். அந்த இரண்டையும் இந்த ஒரு நிமிடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வியாபாரம் எங்கும் போய்விடாது, மில்லுக்குள் நுழைந்தபின் தானாக வரும். அதேபோல் “10,000 ஸ்பிண்டிலுக்கு மேல் உள்ள மில்” என்றால் அச்சகக்காரருக்குப் புரியாது. “24 மணி நேரமும் ஓடும் ஸ்பின்னிங் மில்” என்றால் பஸ்ஸில் போகிறவர்கூட அடையாளம் காண்பார்.

பிரச்சினையைச் சொல்லும்போதுதான் கணக்கு வருகிறது, இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மெஷின் எதுவும் காற்று எடுக்காத நேரத்திலும் கம்ப்ரசர் 6 நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் லோடில் ஓடுகிறது. அப்படியானால் அது முழு நேரமும் லோடில் ஓடினால் தரக்கூடிய காற்றில் 25 சதவீதம் லீக்குக்கே போகிறது. பலரும் இங்கே 50 யூனிட்டில் கால்பங்கு என்று 12.5 யூனிட்டை எடுத்து, 24 மணி நேரம், 30 நாள், யூனிட் 8 ரூபாய் என்று பெருக்கி, மாதம் 72,000 ரூபாய் என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். லீக்கை அடைத்தபின் கம்ப்ரசர் நின்றுவிடாது, அந்த நேரத்தில் அன்லோடில் ஓடும், அப்போதும் 15 யூனிட் இழுக்கும். ஆகவே உண்மையில் வீணாவது 50-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசமான 35 யூனிட்டில் கால்பங்கு, அதாவது மணிக்கு 8.75 யூனிட். மாதத்துக்கு 6,300 யூனிட், 50,400 ரூபாய். அறையில் ஒரே ஒரு மில் இன்ஜினியர் இருந்தாலும் 72,000 என்ற எண்ணை அவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்ற 39 பேரும் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். ஐம்பதாயிரம் என்றால் அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்லலாம். யூனிட் விலையை மட்டும் அந்த மில்லின் பில்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்தப் பணத்தை “மிச்சப்படுத்தித் தருவேன்” என்று சொல்ல வேண்டாம், “வீணாகிறது” என்று சொல்லுங்கள். எல்லா லீக்கையும் அடைக்க முடியாது, அடைத்தாலும் சில மாதங்களில் புதிது வரும். மேலும், லீக் இருப்பது மேனேஜரின் கவனக்குறைவு என்று ஒலிக்கும்படியும் சொல்லக் கூடாது. மில் சத்தத்தில் அது காதில் விழாது என்ற காரணத்தைச் சேர்த்துவிட்டால், யார் மேலும் பழி விழாது. இத்தனை நாள் யாரும் ஏன் கவனிக்கவில்லை என்பதற்கும் அதுவே பதிலாகிவிடும்.

நீங்கள் தருவதை எழுதும்போது, உங்களிடம் உள்ள அல்ட்ராசானிக் டிடெக்டர், ரிப்போர்ட் வடிவம் எல்லாம் தேவையில்லை. முதல் படி எது, அதற்கு மில்லிடமிருந்து எவ்வளவு நேரம் வேண்டும், காசு எவ்வளவு என்ற மூன்றும் போதும். எல்லா மெஷினும் நின்றால்தான் உங்கள் அளவீடு நடக்கும் என்பதால், லீவு நாள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், “ப்ரொடக்‌ஷன் நிக்கும்” என்ற பயத்திலேயே கதவு மூடிவிடும். முதல் அளவீட்டுக்குக் கட்டணம் வேண்டாம் என்று நினைத்தால் அளவீட்டோடு நிறுத்துங்கள், லீக் உள்ள இடங்களைத் தேடி அட்டை கட்டும் வேலைக்குக் கட்டணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் பேச்சு இப்படி வரும்:

“வணக்கம், நான் இன்னார், கோவை. 24 மணி நேரமும் ஓடுற ஸ்பின்னிங் மில்லுக்கு வேலை செய்யறேன். மில்லுல மெஷினுக்குக் காத்து குழாயில போகுது. குழாய் ஜாயின்ட்ல அந்தக் காத்து லீக் ஆகும். மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது, கரண்ட் பில்லுல மட்டும்தான் ஏறும். நான் கடைசியா அளந்த மில்லுல கால்பங்கு காத்து லீக்குல போய்ட்டிருந்துச்சு. மாசம் ஐம்பதாயிரம் ரூபாய் கரண்ட் வீண். மில் லீவு விடுற நாள்ல மூணு மணி நேரம் குடுத்தா, எவ்வளவு லீக்னு அளந்து எழுதிக் குடுத்துடுவேன். அளக்க காசு இல்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு அறிமுகம். பல்லடம், உடுமலை பக்கம் ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ் மேனேஜர் யாரையாவது தெரிஞ்சவங்க, டீ டைம்ல என்னைப் பாருங்க. வாசல் பக்கம் நிக்கறேன்.”

எழுத்துத் தமிழில் மனப்பாடம் செய்யாதீர்கள், பேசுகிற தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதியில் வாக்கியத்தின் முடிவு மறந்துபோகும். இது சுமார் 80 சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே ஆங்கிலத்துக்குச் சொல்லும் ‘நிமிடத்துக்கு 130, 150 சொல்’ கணக்கை நம்ப வேண்டாம். போனில் பதிவு செய்து அளந்து, 50 வினாடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். மேடையில் மைக் கைக்கு வருவதிலும் வணக்கம் சொல்வதிலும் சில வினாடி போகும். மணி அடித்தால் முதலில் வெட்டுப்படுவது கடைசி வாக்கியம்தான், உங்களுக்கு மிகவும் வேண்டியதும் அதுதான். நேரம் போதாதென்று தெரிந்தால் எதை விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். குழாய், ஜாயின்ட் பற்றிய இரண்டு வாக்கியங்களைச் சுருக்கி, “மில்லுல காத்து லீக் ஆகும்” என்று தாண்டிவிடலாம். ஐம்பதாயிரத்தையும் மேனேஜரையும் விடக் கூடாது.

சந்திப்புக்கு முன் இந்தத் தொழிலே தெரியாத ஒருவரிடம், வீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம், ஒருமுறை பேசிக் காட்டுங்கள். பத்து நிமிடம் வேறு எதையாவது பேசிவிட்டு, “நான் யாரைத் தேடறேன்?” என்று கேளுங்கள். “மில் மேனேஜர்” என்று வந்தால் பேச்சு தயார். “கம்ப்ரசர் வாங்குறவங்க” என்று வந்தால் வாடிக்கையாளர் வாக்கியம் இன்னும் மங்கலாக இருக்கிறது. “ஏதோ காத்து, கரண்ட்” என்று மட்டும் நின்றால் நீங்கள் கேட்கும் உதவி காதில் ஏறவில்லை, அதை இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும். சந்திப்பிலும் இதே மாதிரி பார்க்கலாம். டீ டைமில் வருகிறவர்கள் கம்ப்ரசர் ஆயில் விலை கேட்டால் பிரச்சினையைவிடக் கருவி பெரிதாகக் கேட்டிருக்கிறது. “நல்லா பேசினீங்க” என்று சொல்லி நகர்ந்தால் நீங்கள் கேட்ட உதவி அவர்களைத் தொடவில்லை.

யாராவது “எங்க மச்சான் உடுமலைல ஒரு மில்லுல இருக்காரு” என்று வந்தால், நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை மேனேஜர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவர் அப்படியே அனுப்பும்படி ஒரு வாட்ஸாப் செய்தியை முன்பே போனில் தயாராக வையுங்கள்: “இவர் மில் கம்ப்ரசர் லைன்ல காத்து லீக் எவ்வளவுனு லீவு நாள்ல மூணு மணி நேரத்துல அளந்து குடுக்கறார், அளக்க காசு இல்லை. நாளைக்கு காலைல 11 மணிக்கு உங்களைக் கூப்பிடலாமா?” அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள். “பேசறேன்” என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும்வரை அவரோடு நின்று டீ குடியுங்கள்.

அடுத்த சந்திப்பிலும் இதே பேச்சைப் பேசலாம், மாற்ற வேண்டியது நீங்கள் கேட்கும் உதவியை மட்டும்தான். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் முன்பு வரும் சந்திப்புகளில், “அந்த லீவுல மூணு மணி நேரம்” என்று நாளையே குறிப்பிட்டுக் கேளுங்கள். மில் நிற்கும் நாட்கள் குறைவு, அந்தத் தேதிகள் மேனேஜருக்கும் முன்பே தெரியும்.

அன்புடன்.