பெயர்ப் பட்டியல் இல்லாத பஸ் ஸ்டாண்ட் வியாபாரிகளை மாதிரிக்கு எடுப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடி புதிய பேருந்து நிலையம், தேவகோட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் கூடையோடு பஸ் ஏறி விற்பவர்களில் எத்தனை பேர் தண்டல் கடனில் இருக்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். பட்டியல் ஏதும் இல்லை. கண்ணில் பட்ட 120 பேரைக் கேட்டால் போதாதா?

பதில்: போதாது. கண்ணில் படுபவர் பெரும்பாலும் தினமும் வருபவராகவே இருப்பார். ஆட்களுக்குப் பட்டியல் இல்லாவிட்டாலும், அவர்கள் வந்து போகும் இடத்துக்கும் நேரத்துக்கும் பட்டியல் போட்டுவிடலாம். நீங்கள் குலுக்க வேண்டியது அதைத்தான்.

காலை 5 முதல் இரவு 9 வரை நாளை நான்கு மணி நேரத் துண்டுகளாக வெட்டுங்கள். மூன்று நிலையம், ஏழு நாள், நான்கு துண்டு என்றால் வாரத்துக்கு 84. நான்கு வாரத்துக்கு 336. இதுதான் உங்கள் சட்டகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் 112 துண்டு வரும். அதில் எட்டைக் குலுக்கி எடுத்தால் மொத்தம் 24. துண்டுக்குச் சராசரி ஐந்து பேர் கிடைத்தால் 120 வந்துவிடும். அவ்வளவு கிடைக்குமா என்பதை டைம் கீப்பரிடமும் டீக்கடையிலும் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு நேரத்தில் ஒரு அரை மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். மதியம் வெறிச்சோடும் துண்டையும் சட்டகத்திலிருந்து நீக்க வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் வருகிறவர் இருக்கக்கூடும்.

குலுக்கலில் வந்த துண்டில் மழை கொட்டி ஒருவருமே வரவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதற்குப் பதிலாக மறுநாள் கூட்டமான நேரத்துக்குப் போனால் கணக்கு கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

களத்தில் பெரிய சிக்கல், ஒரே ஆள் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவதுதான். வாசலில் கோடு போட்டு, கடப்பவர்களை எண்ணும் வழக்கமான முறை இங்கே ஆகாது. ஓயாமல் ஓடுகிறவர் பத்து தடவை எண்ணப்படுவார். ஒரு துண்டில் ஒரு ஆளுக்கு ஒரே எண் என்று வையுங்கள். ஒருவர் எண்ணுவதற்கு மட்டும் நிற்கட்டும்: ‘1: வெள்ளரிக் கூடை, பச்சைத் துண்டு, 2: கடலைப் பொட்டலம், கட்டம் போட்ட சட்டை’ என்று தாளில் குறித்துக்கொண்டே போகலாம். சுமார் 15 பேர் வரும் இடமென்றால் 1 முதல் 3-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி, அதிலிருந்து மூன்றாவது மூன்றாவது ஆளைப் பேட்டி எடுங்கள். அவர் பஸ்ஸோடு குன்றக்குடி வரை போய்விட்டால் திரும்பி வரும் வரை காத்திருங்கள்; பக்கத்தில் சும்மா நிற்பவரைப் பிடித்துவிடாதீர்கள். முன்பே பேட்டி கொடுத்தவர் வேறொரு துண்டில் திரும்பத் தேர்வானால் மறுபடி கேட்க வேண்டாம், பழைய பதிலையே புது வரிசையாகச் சேருங்கள்.

பேட்டியில் விடக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: கடந்த ஏழு நாளில் எந்தெந்த நிலையத்தில், எந்தெந்த நேரம் விற்றார்? ‘வாரத்துக்கு எத்தனை தடவை வருவீங்க?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தினமும்தான்’ என்பார்கள். 84 கட்டம் உள்ள தாளை வைத்து, ‘நேத்து காலையில எங்க இருந்தீங்க?’ என்று தொடங்கிப் பின்னோக்கிப் போனால்தான் சரியான எண் வரும்.

அந்த எண்தான் எடையைத் தீர்மானிக்கிறது:

```
எடை = (துண்டில் எண்ணிய ஆட்கள் / பேட்டி கொடுத்தவர்கள்) / வாரத் துண்டுகள்
```

இது எவ்வளவு மாற்றும் என்று பாருங்கள். பேட்டி எடுத்த பத்து பேரில் ஆறு பேர் வாரம் 12 துண்டு வருபவர்கள், அனைவருக்கும் தண்டல் உண்டு. நான்கு பேர் இரண்டு துண்டு மட்டும் வருபவர்கள், கடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் துண்டிலும் பேட்டி விகிதம் ஒன்றே என்றால், முதல் ஆறு பேரின் மொத்த எடை 6/12 = 0.5; அடுத்த நால்வருடையது 4/2 = 2. நேராக எண்ணினால் கடனாளிகள் 60%. எடை போட்டால் 0.5/2.5, அதாவது 20%. தினமும் வருகிறவர் உங்கள் வலையில் விழ ஆறு மடங்கு வாய்ப்பு இருந்ததை இந்த வகுத்தல் சரிசெய்கிறது.

பிழை வரம்பு கணக்கிடும்போது துண்டை, ஆட்கள் சேர்ந்து கிடைத்த கொத்தாகவும், நிலையத்தை, தனித்தனியாகக் குலுக்கிய அடுக்காகவும் கொடுங்கள். ஒரே நேரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள். எடைகளும் ஏற்ற இறக்கமானவை. அதனால் உங்கள் 120 பேர், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 60 பேருக்குச் சமமாக நின்றுவிடலாம்.

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் மட்டும் விற்று, இந்த மூன்று நிலையத்துக்கும் வராதவர் உங்கள் சட்டகத்தில் இல்லை. எந்த எடையும் அவரைக் கொண்டுவராது. ஆகவே அறிக்கையில் ‘செட்டிநாட்டு நடமாடும் வியாபாரிகள்’ என்று எழுதாமல், ‘இந்த மூன்று நிலையங்களில் ஒன்றுக்காவது வருபவர்கள்’ என்றே எழுதுங்கள். சங்கடஹர சதுர்த்தி போன்ற கூட்ட நாட்களும் அந்த நான்கு வாரத்துக்குள் வந்தால், அவற்றைத் தனி அடுக்காகப் பிரித்துக் குலுக்கி, ஒவ்வொரு எடையையும் அதனதன் அடுக்கின் தேர்வு விகிதத்தாலும் வகுத்துக்கொள்ளுங்கள்.