‘பரவாயில்லம்மா’வுக்கு யார் பில் போடுவது?

கேள்வி: ராமேஸ்வரத்தில் 14 அறைகளுடன் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறோம். வாடகை 1,600 ரூபாய், பகல் 12 மணிக்கு செக்-அவுட். ‘அறையை 12 மணிக்குள் காலி செய்யவும். தவறினால் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்படும்!!’ என்று கார்டு அடித்து, காலையில் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவோம். ‘விருந்தாளியை விரட்டுகிறார்கள்’ என்று கூகுளில் ஒருவர் எழுதிவிட்டார். கார்டை மென்மையாக்கினால் யாரும் பணம் தருவதில்லை. மாமனார் கல்லாவில் இருந்தால் ‘பரவாயில்லம்மா, இருந்துட்டுப் போங்க’ என்பார். நான் இருக்கும் நாளில் வாங்கிவிடுவேன். கோபம் வராத மாதிரி, ஆனால் தெளிவாக, எப்படி எழுதுவது?

— மருமகள், ராமேஸ்வரம்

பதில்:

உங்கள் கடிதத்தில் கார்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாமனார் இருந்தால் இலவசம், மருமகள் இருந்தால் காசு. அதை ஏதோ வீட்டு வேடிக்கை போல ஒரு வரியில் சொல்லிவிட்டு, நேராக வார்த்தைக்குப் போய்விட்டீர்கள். விருந்தாளிக்குக் கோபம் வருவது ‘வசூலிக்கப்படும்’ என்ற சொல்லால் மட்டும் இல்லை, அம்மா. பக்கத்து அறைக்காரர் நேற்று 2 மணி வரை சும்மா இருந்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு நியாயம் என்றால் எந்த அச்சடித்த கார்டும் நிற்காது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாட்சண்யம் மாமனாருக்கு, கெட்ட பேர் உங்களுக்கு என்பது மட்டுமா? 2 மணிக்கு அறை காலியானால், விரிப்பு மாற்றி, ஈர மணல் ஒதுங்கிய குளியலறையைக் கழுவுகிற அம்மாவுக்கு அதன்பின் குறைந்தது அரைமணி நேர வேலை இருக்கிறது. அடுத்த குடும்பம் பெட்டியோடு வரவேற்பில் உட்கார்ந்திருக்கும். பெரியவர் ‘பரவாயில்லம்மா’ என்று அள்ளிக் கொடுப்பது அந்த அம்மாவின் சாயங்காலத்தை. பெரியவர்கள் வாக்கை மதிக்க வேண்டும் என்று நம்புகிறவள்தான் நான். அதனால்தான் சொல்கிறேன், அவர் வாக்கைத் தினமும் நீங்கள் மாற்றும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கார்டை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரையும் கணவரையும் உட்கார வைத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று மூன்று தொகைகளை முடிவு செய்யுங்கள். கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

அவர் மனசுக்கும் இடம் வேண்டும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், ரயில் தாமதம் என்று வந்தால் அவர் தாராளமாக விட்டுக்கொடுக்கட்டும். ஆனால் பில்லில் ‘கூடுதல் நேரம் 400, தள்ளுபடி 400’ என்று எழுதித்தான் விட வேண்டும். அப்போது வாங்கியவருக்கும் அது சலுகை என்று தெரியும். மாதக் கடைசியில் அந்தத் தள்ளுபடிகளைக் கூட்டி அவர் முன்னால் வையுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம், வைத்தால் போதும்.

சரி, கார்டு. உங்கள் பழைய வாசகத்தின் முதல் குற்றம் கடுமை இல்லை, மொட்டையாக இருப்பது. கூடுதல் கட்டணம் எவ்வளவு? 12 மணி என்றால் எந்த 12, எந்தத் தேதி? உங்கள் ஊருக்கு விடிகாலையில் வந்து இறங்குகிறவர்கள் நிறைய. பல கோயில் ஊர்களில் 24 மணி நேர செக்-அவுட் லாட்ஜ்களில் தங்கிப் பழகியவர்கள். காலை 4 மணிக்கு அறை எடுத்தவர் மறுநாள் 4 மணி வரை தனக்கு என்றுதான் நினைப்பார். ‘பகல் 12’ என்று அச்சடித்து, தேதியைப் பேனாவால் எழுதுங்கள். சாவி கொடுக்கும்போதே அதை வாயாலும் சொல்லி, பதிவேட்டில் அதன் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, ‘தவறினால்’ என்ற சொல். அதற்குப் பக்கத்தில் வருகிற பணம் எதுவாக இருந்தாலும் அபராதமாகத்தான் தெரியும். இரண்டு ஆச்சரியக்குறி வேறு! அதற்காக ‘தங்கள் வருகையால் பெருமையடைகிறோம்’ என்று நாலு வரி தேன் தடவி, காசு விஷயத்தைக் கீழே பொடி எழுத்தில் ஒளித்தாலும் ஏமாற்று வேலைதான். நீங்கள் விற்பது கூடுதல் நேரம். ஓட்டல் விலைப்பட்டியல் மாதிரி போடுங்கள். தோசை 60 ரூபாய் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் எழுதினால் இப்படி:

அறை எண் ____
இந்த அறை ____ தேதி பகல் 12 மணி வரை உங்களுடையது.
இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமா? அன்று காலை 9 மணிக்குள் வரவேற்பில் சொல்லுங்கள். வேறு யாருக்கும் பதிவாகாமல் இருந்தால் தருகிறோம்.
பகல் 3 மணி வரை: ரூ.400
மாலை 6 மணி வரை: ரூ.800
6 மணிக்கு மேல்: ஒரு நாள் வாடகை, ரூ.1,600
(வரி உட்பட. சொல்லாமல் தங்கினாலும் இதே தொகைதான்.)
அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை மாலை வரை எங்களிடம் வைத்துவிட்டுப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

‘25 சதவீதம்’ என்று போடாமல் ரூபாயாகவே போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? சதவீதம் போட்டால் எதில் சதவீதம், வரி உள்ளேயா வெளியேயா என்று கல்லாவில் கணக்குப் பாடம் ஆரம்பிக்கும். பில்லில் வரப்போகிற கடைசித் தொகைதான் கார்டில் இருக்க வேண்டும். வாடகை மாறுகிற சீசனுக்கு வேறு கார்டு அடித்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்காகப் பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இதையே போடுங்கள்.

பெட்டி வரியை வெட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் நேரம் கழித்துக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அறை தேவையில்லை. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்து ஈரத்துணி மாற்ற ஒரு இடமும், பெட்டி வைக்க ஒரு மூலையும்தான் தேவை. கீழே ஒரு குளியலறையை அதற்கென்று ஒதுக்க முடிந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள்.

கார்டில் போடக் கூடாதது ஒன்று உண்டு. 12:30 வரை பொறுத்துக்கொள்வது நல்ல வழக்கம், ஆனால் அதை அச்சடித்தால் அன்றிலிருந்து உங்கள் செக்-அவுட் 12:30 ஆகிவிடும். அது கல்லாவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்காக இருக்கட்டும், யார் இருந்தாலும் ஒரே மாதிரி.

அப்புறம், காலையில் கதவுக்கு அடியில் தள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பாதிக் குடும்பம் கோயிலில் நிற்கும். திரும்பி வந்து ஈரக்காலோடு அந்தக் காகிதத்தை மிதித்துவிட்டுப் படிப்பவருக்கு, என்ன எழுதியிருந்தாலும் கசக்கும். முந்தின இரவு 8 மணிக்கு, குடிதண்ணீர் கொண்டுபோகிற பையன் கையில் கொடுத்து அனுப்புங்கள். மறுநாள் தரிசனம் எத்தனை மணிக்கு, ரயில் எத்தனை மணிக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கிற நேரம் அது. ‘எங்களுக்கு 3 மணி வரை வேணும்பா’ என்று அவனிடமே சொல்லி அனுப்புவார்கள்.

முதல் ஒரு மாதம் கார்டில் தேதி எழுதுகிற வேலையை உங்கள் மாமனாரிடம் கொடுங்கள்.