மரத்தில் தேடியும் வேகம் வராதது ஏன்?

கேள்வி: பத்தாயிரம் உறுப்பினர் எண்களைப் பைத்தானில் இருமத் தேடல் மரமாகச் சேர்த்திருக்கிறேன். முதலில் `RecursionError` வந்தது. வரம்பைக் கூட்டியதும் ஓடுகிறது. ஆனால் சாதாரண லிஸ்ட்டில் தேடுவதைவிட வேகமாக இல்லை. நிரலில் எங்கே தவறு?

பதில்: நிரலில் தவறு இருக்க வேண்டிய அவசியமில்லை, எண்களை ஏறுவரிசையிலேயே சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உறுப்பினர் எண்கள் பெரும்பாலும் அப்படித்தான் கோப்பில் இருக்கும்.

50, 30, 70, 20, 40, 60, 80 என்ற முறையில் ஏழு எண்களைச் சேர்த்தால் 50 வேராக அமையும்; அதைவிடச் சிறியவை எல்லாம் இடப்பக்கமும் பெரியவை எல்லாம் வலப்பக்கமும் போய்ச் சேரும். இப்போது 60-ஐத் தேடினால், அது 50-ஐவிடப் பெரியது என்று தெரிந்த கணத்திலேயே இடப்பக்கத்து மூன்று எண்களையும் பார்க்காமலே விட்டுவிடலாம். அடுத்து 70, அதன் இடப்புறம் 60. மூன்றே ஒப்பீடுகளில் வேலை முடிகிறது.

அதே ஏழு எண்களை 20, 30, 40 என்று ஏறுவரிசையில் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது என்பதால் வலப்பக்கமே போகும். இடப்பக்கம் எங்கும் காலியாக இருக்கும். விதி எங்கும் மீறப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் கழிக்க எதுவும் கிடைப்பதில்லை. 60-க்கு ஐந்து ஒப்பீடுகள், 80-க்கு ஏழு. ஒரு பக்கத்தை ஒதுக்கலாம் என்ற உரிமையை, சிறியவை இடம், பெரியவை வலம் என்ற விதி தருகிறது. அந்தப் பக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மரத்தின் வடிவமே தீர்மானிக்கிறது. உங்கள் பத்தாயிரம் எண்களுக்கு 14 தளங்கள் போதும். ஏறுவரிசையில் சேர்த்தால் பத்தாயிரம் தளங்கள் ஆகும், சராசரியாக ஐயாயிரம் ஒப்பீடுகள் தேவைப்படும். ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு போகும் ஆழத்துக்குப் பைத்தானின் வழக்கமான வரம்பு 1000 என்பதால்தான் அந்த `RecursionError` வந்தது. அது மரம் ஒருபக்கமாக வளர்ந்துவிட்டதைக் காட்டும் நல்ல அறிகுறி; வரம்பைக் கூட்டியது அதை மறைத்துவிட்டது.

எண்கள் எல்லாம் முன்கூட்டியே கையில் இருந்து, பிறகு மாறுவதில்லை என்றால், என் கருத்தில் மரமே தேவையில்லை. வரிசைப்படுத்திய லிஸ்ட்டில் இதே பாதிபாதியாகக் கழிக்கும் வேலையை `bisect` செய்கிறது:

```
i = bisect.bisect_left(a, x)
found = i < len(a) and a[i] == x
```

இரண்டாம் வரியை விட்டுவிடாதீர்கள். முதல் வரி x இருக்க வேண்டிய இடத்தைச் சொல்கிறதே தவிர, அது இருக்கிறதா என்று சொல்வதில்லை.

எண்கள் தொடர்ந்து சேர்ந்தும் நீங்கியும் வருமானால், தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் மரம் வேண்டும். 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் வெளியிட்ட ஏவிஎல் மரம் அவற்றுள் முதலாவது. எந்தக் கணுவிலும் இரு பக்க உயரங்களும் ஒன்றுக்கு மேல் வேறுபட அது விடாது: 20, 30, 40 வரிசையாக வந்தால் 30-ஐ மேலே தூக்கி, 20-ஐ இடப்புறமும் 40-ஐ வலப்புறமும் வைத்துவிடும். பத்தாயிரம் எண்களை எந்த முறையில் கொடுத்தாலும் அதில் 18 தளங்களைத் தாண்டாது. ஜாவாவில் எழுதுபவருக்கு `TreeMap` இருக்கிறது. அது இதே நோக்கமுள்ள சிவப்பு-கறுப்பு மரம். பைத்தானின் நிலையான நூலகத்தில் அப்படி ஒன்று இல்லாததால் சமன்செய்யும் பகுதியை நீங்களே எழுதவோ வெளி நூலகம் ஒன்றைப் பயன்படுத்தவோ வேண்டியிருக்கும்.